சியோல் எப்படி ஆக்ஸ்ஃபோர்டு ஆனது?

"நிறுத்துடி. கொஞ்சம் பின்னாடி போ."

"ஏன், என்னாச்சு?"

"அவர் ஆக்ஸ்ஃபோர்டுன்னு சொல்லவே இல்ல. ஆனா கீழே அப்படித்தான் ஓடுது. இன்னொரு தடவை போடு."

"எனக்குக் கொரியன் எங்கடி புரியும்? எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது."

"புரிய வேண்டாம், காதை மட்டும் குடு. 'சோல்டே'ன்னு ஆரம்பிக்கிறார் பாரு. நாம சியோல்னு எழுதுறோமே, அதைத்தான் அவங்க சோல்ங்கறாங்க. 'டே'ன்னா யுனிவர்சிட்டி. நான் பாத்த கொரியன் சீரியல்ல பாதிக்கு மேல இந்தப் பேரு வந்துரும். புள்ள படிக்கலைன்னா அம்மா இதைச் சொல்லித்தான் திட்டுவா."

"ஆமா, சோல்டேன்னுதான் கேக்குது. அப்ப ஆக்ஸ்ஃபோர்டு எங்கேருந்துடி வந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல. தப்பா காதுல வாங்கி எழுதிட்டாங்களோ?"

"அவங்க ஊரோட தலைநகரத்தையா தப்பா காதுல வாங்குவாங்க? ஆஸ்கர் வாங்குன படம்டி இது."

"அப்ப தெரிஞ்சேதான் மாத்தியிருக்காங்க. அது இன்னும் தப்பு. ஒருத்தர் சொல்லாததை அவர் வாயில எப்படிப் போடலாம்?"

"தப்போ சரியோ, ஒண்ணு கவனிச்சியா? அந்த வரி வந்ததும் நான் சிரிச்சேன். நீ சிரிக்கல."

"நான் எங்க சிரிக்கிறது? சோல்டே எப்படி ஆக்ஸ்ஃபோர்டாச்சுன்னு யோசிச்சிட்டிருந்தேன்."

என் உறவுக்காரப் பெண்ணும் அவளுடைய அறைத்தோழியும் 'பாரசைட்' படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் விஷயத்தின் மையம் என்று பட்டது. வரியைப் படித்தவள் சிரித்தாள். குரலைக் கேட்டவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வரி ஒருத்திக்கு வேலை செய்தது, இன்னொருத்திக்கு வேலை செய்யவில்லை. அது தவறான மொழிபெயர்ப்பா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அந்த வரி எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கிம் குடும்பம் சியோல் நகரத்தில், பாதி தரைக்கு மேலும் பாதி தரைக்குக் கீழுமாக இருக்கும் ஒரு வீட்டில் வாழ்கிறது. அப்பா கி-தேக், அம்மா சுங்-சூக், மகன் கி-வூ, மகள் கி-ஜங். நால்வருக்கும் நிலையான வேலை இல்லை. கி-வூ நான்கு முறை பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதியும் இடம் கிடைக்காதவன். அவனுடைய நண்பன், தான் டியூஷன் எடுத்துவந்த பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு இனி இவன் எடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்கிறான். ஆனால் அந்த வீட்டில் பல்கலைக்கழக மாணவனைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆகவே தங்கை கி-ஜங், கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அண்ணனுக்காக ஒரு சான்றிதழைப் போலியாகத் தயாரிக்கிறாள். வேலை அத்தனை சுத்தம். காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் அப்பா மனம் நிறைந்து சொல்கிறார்: ஆவண மோசடிக்கென்று ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு படிப்பு இருக்கிறதா என்ன? இருந்தால் நம் பெண்தான் அங்கே முதல் மாணவியாக வருவாள். சப்டைட்டில் சொல்வது இதுதான். அப்பா வாயிலிருந்து வருவது சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் பெயர்.

அந்தப் பெயருக்குத் தென் கொரியாவில் இருக்கும் கனத்தை நாம் புரிந்துகொள்வது கடினமில்லை. 1946இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம்தான் அந்த நாட்டின் கல்வி ஏணியில் உச்சிப் படி. நவம்பர் மாதம் நடக்கும் நுழைவுத் தேர்வன்று, மாணவர்கள் நெரிசலில் சிக்காமல் போகட்டும் என்று அலுவலகங்களைத் தாமதமாகத் திறக்கிறார்கள். ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதி நடக்கும் நேரத்தில், சத்தம் தொந்தரவாகிவிடக் கூடாது என்பதற்காக விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்தி வைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், நான்கு முறை அந்தக் கதவு திறக்காமல் திரும்பிய மகனுக்கு முன்னால், கள்ளச் சான்றிதழ் செய்த மகளை நாட்டின் முதல் பல்கலைக்கழகத்தோடு இணைத்துப் பாராட்டுகிறார் தகப்பன். பெருமையும் வலியும் ஒரே மூச்சில் வருகிற வரி அது. கொரியத் திரையரங்கில் இதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இந்தப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதியவர் டார்சி பாக்கெட். அமெரிக்கர், 1997 முதல் சியோலில் வாழ்பவர், கொரியப் படங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் விமர்சகர். 'சோல்டே' என்பதை அவர் தவறாகக் கேட்டிருக்க வழியே இல்லை. தன் முதல் வரைவில் சியோல் பல்கலைக்கழகம் என்றேதான் எழுதினேன் என்றும், பிறகு மாற்றினோம் என்றும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காரணமும் சொல்லியிருக்கிறார். நகைச்சுவை வரி உடனே புரிய வேண்டும். தெரியாத பெயர் ஒன்று நடுவில் வந்து நின்றால் சிரிப்பு போய்விடும். இயக்குநர் பாங் ஜூன்-ஹோ சப்டைட்டிலைத் தானே கூடவிருந்து சரிபார்ப்பவர். ஆகவே ஆக்ஸ்ஃபோர்டு தற்செயலாக நுழைந்த பெயர் இல்லை.

"உடனே" என்ற அந்தச் சொல்லைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். திரையில் வசனம் ஓடும் வேகம் நடிகரின் வாயில் இருக்கிறது. படிக்கும் வேகம் நம் கண்ணில் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஆகவே இந்தத் தொழிலில் சில அளவுகளை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு அதிகபட்சம் 42 எழுத்துகள், ஒரு நேரத்தில் இரண்டு வரிகள், பெரியவர்களுக்கு நொடிக்குச் சுமார் 17 முதல் 20 எழுத்துகள் என்பது இன்று பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் எழுத்தாகவே எண்ணுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு வரும் அந்த ஆங்கிலக் கேள்வியை எண்ணினால் 50 எழுத்துகள் வருகின்றன. நொடிக்கு 17 என்றால் மூன்று நொடிக்குள் படித்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டை எடுத்துவிட்டு சியோல் தேசியப் பல்கலைக்கழகம் என்ற முழுப் பெயரை ஆங்கிலத்தில் போட்டால் அதே கேள்வி 69 எழுத்துகளாக நீள்கிறது. இப்போது நான்கு நொடிக்குமேல் வேண்டும். ஒரு நொடிதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு நொடியில் அப்பா அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். அவர் முகத்தில் வந்த பெருமிதமும் மாறியிருக்கும். கண் கீழேயே கிடக்க, சிரிக்க வேண்டிய கணம் மேலே கடந்துபோயிருக்கும்.

கொரியர்கள் செய்வதுபோலப் பெயரைச் சுருக்கிப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். சுருக்கினால் எழுத்து குறையும், ஆனால் கொரியாவுக்கு வெளியே அந்த மூன்றெழுத்தைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் புரியாது. 2019 மே மாதம் கான் திரைவிழாவில் இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தவர்கள் எத்தனையோ நாட்டுக்காரர்கள். நிறுத்திப் பின்னால் போகும் வசதி அங்கே இல்லை. ஒரே முறை, இருட்டில், நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பார்க்கும்போது, சிரிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவ வேண்டும். அந்தச் சூழ்நிலைக்கு ஆக்ஸ்ஃபோர்டு சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அந்தப் பெண்களைப் போல நமக்கும் ஒரு வரியில் சந்தேகம் வந்தால், அது பிழையா முடிவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கேட்க வேண்டியது, இந்த மாற்றம் கவனக்குறைவால் நிகழக்கூடியதா என்பதுதான். மொழிபெயர்ப்புப் பிழைகளுக்கு ஒரு சாயல் உண்டு. ஒலி நெருங்கிய இரண்டு சொற்கள் இடம் மாறும். இரண்டு பொருள் உள்ள சொல்லில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளப்படும். எதிர்மறைக் கேள்விக்கு வந்த ஆமாம், இல்லை என்று திரும்பிவிடும். கொரிய மொழியில் அடிக்கடி நடக்கும் பிழை இன்னொன்று. அவர்கள் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவார்கள். நாமும் விடுவோம், ஆனால் நம் வினைச்சொல்லே வந்தானா, வந்தாளா, வந்தாரா என்று காட்டிவிடும். கொரிய வினைச்சொல்லில் ஆள் யார் என்பதற்கான விகுதியே கிடையாது. அதனால் மொழிபெயர்ப்பவர் அவன் என்பதை அவள் என்று எழுதிவிட வாய்ப்பு நிறைய. சோல்டே ஆக்ஸ்ஃபோர்டு ஆனதில் இந்தச் சாயல் எதுவும் இல்லை. ஒலியும் நெருங்கவில்லை, பொருளும் மயங்கவில்லை.

அடுத்தது, படத்தில் வேறெங்காவது இதே மாதிரி நடந்திருக்கிறதா என்று பார்ப்பது. இருக்கிறது, அதுவும் தொடக்கத்திலேயே. மேல்வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டார்கள் என்று அண்ணனும் தங்கையும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் அலையும் காட்சி. அங்கே அவர்கள் வாயில் வருவது காக்காவோடாக் என்ற கொரியச் செயலியின் சுருக்கப் பெயர். கீழே வருவது வாட்ஸாப். அதே குணம், அதே கை. உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த பெயரை எடுத்துவிட்டு, உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயரை வைப்பது இந்த மொழிபெயர்ப்பாளர் சில இடங்களில் அறிந்தே கடைப்பிடித்த வழி என்று அப்போது தெரிந்துவிடுகிறது.

மூன்றாவதாக ஒன்றைப் பலரும் பார்ப்பதில்லை. எந்த சப்டைட்டிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பது. ஓ.டி.டி. தளங்களில் ஆங்கிலம் என்று ஒன்றும், காது கேளாதவர்களுக்கான ஆங்கிலம் என்று இன்னொன்றும் இருக்கும். இரண்டாவது, பெரும்பாலும் ஆங்கில டப்பிங் குரலுக்கு ஒத்துப்போகும்படி எழுதப்பட்டது. டப்பிங்கில் உதட்டசைவுக்காகச் சொற்களை நிறைய மாற்றுவார்கள். கொரியக் குரலைக் கேட்டுக்கொண்டு அந்த வரிகளைப் படித்தால் எல்லாமே பிசகாகத் தெரியும். 2021இல் 'ஸ்க்விட் கேம்' தொடரின் மொழிபெயர்ப்பு மோசம் என்று உலகம் முழுக்கப் பெரிய சண்டை கிளம்பியபோது, அதில் ஒரு பகுதிக்கு இந்தக் குழப்பமே காரணம். படிக்க வாய்ப்புக் கிடைக்காத புத்திசாலி நான் என்று ஒரு பாத்திரம் கொரிய மொழியில் சொல்கிறது. டப்பிங்கை ஒட்டிய வரியில் வாய்ப்பில்லாமை என்ற அந்த வலியே காணாமல் போயிருந்தது. மற்ற சப்டைட்டிலில் மூலத்துக்கு நெருக்கமான வரி இருந்தது.

இத்தனை சொன்ன பிறகும், கொரியன் தெரிந்த அந்தப் பெண்ணின் ஆட்சேபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அவளுக்கு நேர்ந்த இழப்பு உண்மையானது. ஒரு நாவலின் மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது மூலம் நம் காதில் ஒலிப்பதில்லை. சப்டைட்டிலில் மூலம் கூடவே ஒலித்துக்கொண்டிருக்கிறது, ஆகவே யாரும் எந்த நிமிடத்திலும் ஒத்துப் பார்க்கலாம். இந்தத் துறையை ஆராய்கிறவர்கள் சப்டைட்டிலை எளிதில் தாக்குதலுக்கு ஆளாகும் மொழிபெயர்ப்பு என்று சொல்வது அதனால்தான். ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் எந்த மொழியிலும் காதில் தனியாக விழும். அந்த ஒரு சொல் பொருந்தவில்லை என்றால், பார்ப்பவர் அடுத்த பத்து வரிகளையும் சந்தேகத்தோடு படிப்பார். அது தவிர, ஆக்ஸ்ஃபோர்டு கி-தேக்கின் வாழ்க்கையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சியோல் பல்கலைக்கழகம் இருந்திருக்கிறது. அவர் இருக்கும் அதே நகரத்தில், பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில், அவர் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்றாக. அந்த அருகாமை ஆங்கில வரியில் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு வரியும் இதே படத்தில் உண்டு. அதில் ஒரு சொல்கூட மாற்றப்படவில்லை. பணக்கார வீட்டுக்கு அடியில், பாதாள அறையில் ஆண்டுக்கணக்காக ஒளிந்து வாழும் மனிதர் ஒருவர், தைவான் கேக் கடை வைத்து நொடித்துப்போனவர் என்று தெரியவருகிறது. கடன்காரர்களுக்குப் பயந்துதான் அங்கே கிடக்கிறார். கி-தேக்கும் அதே மாதிரி கேக் கடை வைத்துத் தோற்றவர்தான். சப்டைட்டிலில் தைவான் கேக் கடை என்றே சரியாக வருகிறது. வெளிநாட்டுப் பார்வையாளர் அதை ஏதோ ஒரு கடை என்று படித்துவிட்டுக் கடந்துபோகிறார்.

கொரியருக்கு அது ஏதோ ஒரு கடை இல்லை. 2016 வாக்கில், தைவானிலிருந்து வந்த பெரிய, மெத்தென்ற கேக்குக்கு அங்கே ஒரு மோகம் கிளம்பியது. வேலையை விட்டவர்களும் வேலை போனவர்களும் சேமிப்பைக் கொட்டித் தெருவுக்குத் தெரு கடை திறந்தார்கள். 2017 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, இந்தக் கேக்கில் எண்ணெய் ஏராளமாக ஊற்றப்படுகிறது என்று காட்டியது. மக்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். கடைகள் வரிசையாக மூடின. ஆகவே கேக் கடை என்ற சொல் திரையில் வந்ததும், கொரியப் பார்வையாளர் தன் தெருவில் மூடிக் கிடந்த கடையையே நினைத்துக்கொள்வார். பாதாளத்தில் இருப்பவரும் மேலே வேலைக்கு வந்திருப்பவரும் ஒரே அலையில் மூழ்கியவர்கள் என்று அவருக்கு உடனே விளங்கும். மொழிபெயர்ப்பாளர் இதற்கு என்ன செய்ய முடியும்? அடிக்குறிப்புப் போட இடமில்லை, விளக்கம் சொல்ல நேரமில்லை. உலகத்துக்குத் தெரிந்த இணையான பெயர் ஒன்றும் கிடையாது. உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு நகர்வதைத் தவிர வழியில்லை. வரி சரி. ஆனால் வந்துசேர வேண்டியது வந்துசேரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு வரியில் பெயர் தவறு, ஆனால் பெரும்பகுதி வந்துசேர்ந்துவிட்டது. சப்டைட்டிலைச் சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்த்துத் தரம் பிரிப்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

பெண்கள் இருவரும் அன்று அதோடு விடவில்லை.

"சரி, தமிழ்ல நீ எழுதுறதா இருந்தா என்ன போடுவ? ஐ.ஐ.டி.ன்னா?"

"சீ, சியோல்ல உக்காந்துட்டு ஒரு கொரியன் தாத்தா ஐ.ஐ.டி.ன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அவர் ஒண்ணும் தாத்தா இல்ல. ஆனா ஆக்ஸ்ஃபோர்டுன்னு சொன்னா மட்டும் நல்லாருக்கா?"

"ஆக்ஸ்ஃபோர்டு உலகத்துக்கே பொதுடி. யாரு சொன்னாலும் உறுத்தாது. ஐ.ஐ.டி. நம்ம ஊரு. அதைக் கேட்டதும் படம் கொரியாவிலேர்ந்து இங்க வந்துரும்."

"அப்ப தமிழ்லயும் ஆக்ஸ்ஃபோர்டுதானா?"

"இல்ல. சியோல் யுனிவர்சிட்டின்னே போடுவேன். நமக்குத் தலைநகரம் பேரு தெரியுமே. ஊர் பேரு இருக்கு, யுனிவர்சிட்டின்னும் இருக்கு, பெரிய காலேஜ்னு புரிஞ்சிரும். அந்த வரி கொரியன்ல எப்படி வருது தெரியுமா? சோல்டே, அப்புறம் ஆவண மோசடி டிபார்ட்மென்ட், அப்புறம் 'இந்த மாதிரி ஏதாவது', கடைசியா 'இல்லையா'."

"அப்படியே தமிழ் மாதிரி இருக்கு!"

"அதைத்தான் சொல்றேன்."

அவள் சொன்ன வரிசை சரி. கொரிய வாக்கியம் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடங்கி, மோசடித் துறை என்ற குறும்பை நடுவில் வைத்து, "ஓம்னா" என்ற வினைச்சொல்லில் முடிகிறது. அதற்கு நேரான தமிழ்ச் சொல் "இல்லையா". நம் மொழியைப் போலவே கொரிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலம் கேள்வியை முன்னால் தூக்கி வைத்துவிட்டு மற்றதைப் பின்னால் சொல்லும். "சியோல் யுனிவர்சிட்டியில போலி சர்டிஃபிகேட் டிபார்ட்மென்ட் மாதிரி ஏதாவது இல்லையா?" என்று தமிழில் எழுதினால், நடிகர் எந்த இடத்தில் எதைச் சொல்கிறாரோ அந்த இடத்தில் நாமும் அதைப் படிப்போம். குரலும் எழுத்தும் ஒன்றாகவே போகும். சோல் என்பது காதில் விழும்போது சியோல் என்பது கண்ணில் படும். ஆங்கிலத்துக்குக் கிடைக்காத வசதி இது. அதைத் தமிழ் சப்டைட்டில் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். நீளம் ஒன்றுதான் தடை. நம் எழுத்துகள் திரையில் அகலமானவை, சொற்களும் நீளமானவை. "தேசிய" என்பதை விட்டுவிட வேண்டும், பல்கலைக்கழகம் என்பதற்கு யுனிவர்சிட்டி என்றே எழுத வேண்டும். அப்பா சாதாரண மனிதர், அவர் வாயில் யுனிவர்சிட்டி என்ற சொல்தான் இயல்பாகவும் இருக்கும்.

இந்த நெருக்கம் வாக்கிய அமைப்போடு நிற்பதில்லை. பாதாள அறைக் காட்சியில், வேலையிழந்த பழைய வீட்டுப் பணிப்பெண் மூன்-குவாங், அந்த வேலைக்கு வந்துவிட்ட சுங்-சூக்கிடம் கெஞ்சுகிறாள். அப்போது அவள் கூப்பிடும் சொல் "ஒன்னி". ஒரு பெண் தன்னைவிட மூத்த பெண்ணை அழைக்கும் சொல் அது. கூடப்பிறந்தவர்களுக்கும் அதே சொல், உறவே இல்லாதவர்களுக்கும் அதே சொல். சுங்-சூக்குக்கு அந்த உறவு பிடிக்கவில்லை, அப்படி என்னைக் கூப்பிடாதே என்று வெட்டுகிறாள். ஆங்கிலத்தில் இதற்குச் சகோதரி என்பதன் சுருக்கத்தைப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் பேசுகிற ஊரில் அறிமுகமில்லாத பெண்ணை யாரும் அப்படி அழைப்பதில்லை. ஆகவே அந்தக் கெஞ்சலும் அதை மறுப்பதும் அங்கே கொஞ்சம் விசித்திரமாகவே படும். தமிழில் "அக்கா" என்று போட்டால் வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. காய்கறிக் கடையிலும் பேருந்திலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் நாம் எதற்காக முன்பின் தெரியாதவரை அக்கா என்கிறோமோ, அதற்காகவே அவளும் சொல்கிறாள். என்னை அக்கான்னு கூப்பிடாதே என்ற மறுப்பில் இருக்கும் கொடுமையும் நமக்கு அப்படியே உறைக்கும்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், தமிழ் வரி எப்போதும் கொரிய மொழியிலிருந்து நேராக வருவதில்லை. கொரியனிலிருந்து தமிழுக்கு எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே ஆங்கில சப்டைட்டிலை ஒரு வார்ப்புருவாக எடுத்து, ஒவ்வொரு வரியின் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து மற்ற மொழிகளுக்குக் கொண்டுபோவது இந்தத் தொழிலில் வழக்கம். கான் திரைவிழாவின் பார்வையாளருக்காக ஒருவர் யோசித்துச் செய்த முடிவு, அந்தக் காரணம் பொருந்தாத ஊர்களுக்கும் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் எல்லாரும் ஒரே "யூ" ஆகிவிட்டதால், கொரியனில் யார் யாரை நீ என்றார், யார் யாரை நீங்கள் என்றார் என்பதைத் தமிழ் எழுதுபவர் மறுபடி ஊகிக்க வேண்டியிருக்கிறது. கொரியனிலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது, நடுவிலிருக்கும் மொழியில் மட்டும் இல்லை. டிரைவராக வேலைக்குச் சேர்ந்த கி-தேக்கும் அவருடைய முதலாளியும் பேசிக்கொள்ளும் காட்சிகளில் இந்த மரியாதை அளவு முக்கியமானது. முதலாளி போட்டு வைத்திருக்கும் எல்லைக்கோட்டைப் பற்றியதுதான் பாதிப் படம்.

ஆங்கிலம் வழியாக வந்திருக்கிறதா, நேராக வந்திருக்கிறதா என்று பார்ப்பவரே கண்டுபிடிக்க ஆக்ஸ்ஃபோர்டு வரி நன்றாக உதவும். 'பாரசைட்' படத்துக்கு ஆங்கிலமல்லாத வேறெந்த மொழியில் சப்டைட்டில் கிடைத்தாலும், முதல் அரைமணி நேரத்துக்குள் வரும் அந்தச் சான்றிதழ் காட்சிக்குப் போய்ப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு என்று இருந்தால், எழுதியவர் பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். கொரியனிலிருந்து நேராக எழுதியவருக்குத் தானாகவே ஆக்ஸ்ஃபோர்டு தோன்ற வாய்ப்பு குறைவு. சந்தேகம் தீரவில்லை என்றால் இன்னொரு இடம் இருக்கிறது. மழை இரவில், வீட்டு எஜமானி காரிலிருந்து போன் செய்து, எட்டு நிமிடத்தில் வந்துவிடுவோம், நூடுல்ஸ் செய்து வை என்பாள். கொரியனில் அதன் பெயர் சாபகுரி. மலிவான இரண்டு பாக்கெட் நூடுல்ஸ்களின் பெயர்களை ஒட்டுப்போட்ட பெயர் அது. அதன்மேல் விலையுயர்ந்த மாட்டிறைச்சியைப் போடச் சொல்கிறாள். வெளிநாட்டவருக்கு அந்த பாக்கெட்டுகள் தெரியாது என்பதால், ராமன், உதோன் என்ற இரண்டு நூடுல்ஸ் பெயர்களை ஒட்டி ராம்டோன் என்ற புதுச் சொல்லை டார்சி பாக்கெட் உருவாக்கினார். அதற்கு முன்னால் அந்தச் சொல் எந்த மொழியிலும் புழக்கத்தில் இருந்ததில்லை. வேறொரு மொழி வரியில் ராம்டோன் தென்பட்டால், அது ஆங்கிலத்திலிருந்துதான் வந்திருக்கிறது. சாபகுரி என்றே இருந்தால், எழுதியவர் கொரியக் குரலைக் காதால் கேட்டிருக்கிறார்.